இரண்டு வோல்டேஜுகளுக்கு நடுவே ஒரு டியூப் லைட்

டியூப் லைட் விட்டு விட்டு எரிந்தால் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு: ஸ்டார்ட்டரை மாற்று. பெரும்பாலும் பலிக்கிறது. ஆனால் சில சமயம் புது ஸ்டார்ட்டர் போட்டுச் சில வாரங்களிலேயே பழைய கதை திரும்பிவிடும். இன்னும் விசித்திரம், ஒரு விளக்கில் சிமிட்டிக்கொண்டிருந்த ஸ்டார்ட்டரைக் கழற்றி இன்னொரு விளக்கில் போட்டால், அங்கே ஒரு பிரச்சினையும் இல்லாமல் வேலை செய்யும். அப்படியானால் அது கெட்ட ஸ்டார்ட்டரா, நல்ல ஸ்டார்ட்டரா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, சுவிட்சைப் போட்டதிலிருந்து முதல் இரண்டு மூன்று வினாடிகளில் அந்தக் குழாய்க்குள்ளும் ஸ்டார்ட்டருக்குள்ளும் என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் சாதாரண நான்கு அடி, 36 வாட் டியூப்பையே எடுத்துக்கொள்வோம். இரும்புச் சோக், செருகித் திருகும் ஸ்டார்ட்டர் கொண்ட பழைய வகை. எலக்ட்ரானிக் சோக் போட்ட விளக்குக்கு ஸ்டார்ட்டரே கிடையாது; அது வேறு கதை.

மின்சாரம் போகும் வழி

டியூப்பின் இரண்டு முனைகளிலும் இரண்டிரண்டு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஜோடி ஊசிக்கும் நடுவே, கண்ணாடிக்கு உள்ளே, ஒரு சுருள் கம்பி இருக்கிறது. அதுதான் ஃபிலமென்ட். குண்டு பல்பில் இருப்பதைப் போன்ற டங்ஸ்டன் கம்பிதான், ஆனால் இதன் வேலை வெளிச்சம் தருவதல்ல. அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளை வெள்ளையாகப் பூசியிருப்பார்கள். சூடானால் இந்தப் பூச்சு எலக்ட்ரான்களைத் தாராளமாக வெளியே விடும். டியூப்பின் ஆயுள் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பூச்சின் ஆயுள்தான்.

மின்சாரம் சோக்கின் வழியாக வந்து ஒரு முனை ஃபிலமென்ட்டுக்குள் நுழைகிறது. அதன் மறு ஊசியிலிருந்து கிளம்பி ஸ்டார்ட்டருக்குப் போகிறது. ஸ்டார்ட்டரிலிருந்து அடுத்த முனை ஃபிலமென்ட், அதிலிருந்து நியூட்ரல். சோக், ஃபிலமென்ட், ஸ்டார்ட்டர், ஃபிலமென்ட் என்று நான்கும் ஒரே வரிசையில் நிற்கின்றன. டியூப்பின் நீளம் முழுவதும் நிரம்பியிருக்கும் வாயு, ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு மாற்றுப் பாதை. ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளுக்கு இடையே எவ்வளவு வோல்டேஜ் இருக்கிறதோ, டியூப்பின் இரண்டு முனைகளுக்கு இடையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதல் இரண்டு வினாடி

சுவிட்ச் போட்டதும் 230 வோல்ட் வருகிறது. டியூப்புக்குள் குறைந்த அழுத்தத்தில் ஆர்கான் வாயுவும் துளி பாதரசமும் இருக்கின்றன. முனைகள் குளிர்ந்திருக்கும்போது நான்கு அடி தூரத்துக்கு அந்த வாயுவை உடைத்து மின்சாரம் பாய 230 வோல்ட் போதாது. ஆகவே டியூப் சும்மா இருக்கிறது. எந்த மின்சாரமும் பாயாததால் சோக்கிலும் வோல்டேஜ் விழுவதில்லை. முழு 230 வோல்ட்டும் ஸ்டார்ட்டரின் தலையில் வந்து உட்காருகிறது.

ஸ்டார்ட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டே இரண்டு பொருள்தான் இருக்கும். ஒன்று, விரல் நுனி அளவுக் கண்ணாடிக் குமிழ். இன்னொன்று, சின்னக் கெப்பாசிட்டர். குமிழுக்குள் நியான் போன்ற வாயு கொஞ்சம் இருக்கிறது. இரண்டு கம்பிகள் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் பைமெட்டல் தகடு. சூட்டில் ஒரே அளவுக்கு விரியாத இரண்டு உலோகங்களை முதுகோடு முதுகாக ஒட்டியது அது; சூடானால் ஒரு பக்கமாக வளையும்.

கம்பிகளுக்கு இடையே இருப்பது சில மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. அந்த இடைவெளிக்கு 230 வோல்ட் தாராளம். வாயு மங்கலாக ஒளிர ஆரம்பிக்கிறது. பாயும் மின்சாரம் மிகச் சிறிது, சில பத்து மில்லி ஆம்பியர்தான். ஆனால் அந்தச் சின்னக் குமிழுக்கு அந்தச் சூடு போதும். ஒரு வினாடிக்குள் தகடு வளைந்து எதிரே உள்ள கம்பியைத் தொட்டுவிடுகிறது.

(இந்த ஒளிர்வு ஆரம்பிக்க, வாயுவுக்குள் ஏற்கெனவே ஓரிரண்டு எலக்ட்ரான்கள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். வெளிச்சம் உள்ள அறையில் அது எளிது; கும்மிருட்டில் சற்றுத் தாமதமாகும். அதற்காகவே சில ஸ்டார்ட்டர்களில் கிரிப்டான்-85 போன்ற கதிரியக்கப் பொருளை மிக மிகச் சொற்ப அளவில் சேர்ப்பதுண்டு.)

தொட்டதும் காட்சி மாறுகிறது. வரிசை முழுமை பெற்றுவிட்டது. இப்போது இரண்டு ஃபிலமென்ட்களின் வழியாகவும் கணிசமான மின்சாரம் ஓடுகிறது. எவ்வளவு ஓடும் என்பதைத் தீர்மானிப்பது சோக். அதன் இண்டக்டன்ஸ், அதாவது மின்சாரம் மாறுவதை எதிர்க்கும் திறன், சுமார் 1.2 ஹென்றி என்று வைத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 377 ஓம் தடுப்பைக் காட்டும். 230-ஐ 377-ஆல் வகுத்தால் 0.6 ஆம்பியர். இந்த மின்சாரத்தில் ஃபிலமென்ட்கள் சிவந்து, அவற்றின் பூச்சிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறத் தொடங்குகின்றன. டியூப்பின் இரண்டு ஓரங்களிலும் ஆரஞ்சு நிறம் தெரிவது இந்த நேரத்தில்தான்.

அதே சமயம் ஸ்டார்ட்டருக்குள் இன்னொன்று நடக்கிறது. கம்பிகள் தொட்டுக்கொண்டிருப்பதால் அவற்றுக்கு இடையே வோல்டேஜ் இல்லை. வோல்டேஜ் இல்லாததால் ஒளிர்வு இல்லை. ஒளிர்வு இல்லாததால் சூடும் இல்லை. ஆக, தகடு தன்னைச் சூடாக்கிய நெருப்பைத் தானே அணைத்துக்கொண்டுவிட்டது. ஆறியதும் நிமிர்ந்து விலகுகிறது. யாரும் கடிகாரம் வைத்து நேரம் பார்க்கவில்லை. தகடு ஆறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமே ஃபிலமென்ட் சூடாவதற்குக் கிடைக்கும் நேரம். இவ்வளவு மலிவான ஒரு பொருளுக்குள் இப்படி ஓர் ஏற்பாடு இருப்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

எதையும் தாமதமாகப் புரிந்துகொள்கிறவர்களை ‘டியூப் லைட்’ என்று கிண்டல் செய்கிறோமே, அந்தத் தாமதம் இதுதான். உண்மையில் டியூப் அந்த நேரத்தில் சும்மா இருக்கவில்லை.

சோக் கொடுக்கும் உதை

தகடு விலகும் அந்தக் கணம்தான் முக்கியம். சோக் என்பது இரும்பு உள்ளகத்தின் மேல் சுற்றிய கம்பிச் சுருள். அதில் ஓடும் மின்சாரம் திடீரென்று மாறுவதை அது விடாது. ஓடிக்கொண்டிருந்ததை யாராவது சட்டென்று வெட்டினால், தன் காந்தப்புலத்தில் சேர்த்துவைத்த ஆற்றலையெல்லாம் கொட்டி, அந்த மின்சாரத்தைத் தொடர்ந்து தள்ளப் பார்க்கும். அப்போது அதன் முனைகளில் எழும் வோல்டேஜ் மிகப் பெரியது. தகடு விலகும் நொடியில் 0.3 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது, அது ஒரு மில்லி வினாடியில் கால் பங்கு நேரத்துக்குள் நின்றுபோனது என்று வையுங்கள். 1.2 ஹென்றியை 0.3-ஆல் பெருக்கி 0.00025-ஆல் வகுத்தால் 1,440 வோல்ட். கணக்குக்கு எடுத்த எண்கள்தான். நடப்பில் பல நூறு வோல்ட்டிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை எதுவும் வரலாம்.

முனைகள் சூடாக இருக்கின்றன, எலக்ட்ரான்கள் தயாராக நிற்கின்றன. அந்த உதை டியூப்பின் வாயுவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உடைத்துவிடுகிறது. மின்சாரம் இனி வாயு வழியே பாய்கிறது. பாதரச ஆவி புற ஊதாக் கதிரை வெளியிட, கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை வெளிச்சமாக மாற்றுகிறது. விளக்கு எரிந்துவிட்டது.

ஆனால் இதில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டு. மாறுதிசை மின்சாரம் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. தகடு எந்த நேரத்தில் விலக வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. சரியாகப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விலகினால், வெட்டுவதற்கு மின்சாரமே இல்லை, உதையும் இல்லை. கணக்குப் போட்டால், மின்சாரம் தன் உச்சத்தில் 30 சதவீதத்துக்கும் கீழே இருப்பது மொத்த நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் விலகினால் டியூப் பற்றாமல் போகலாம். அப்புறம் என்ன, மறுபடி 230 வோல்ட் ஸ்டார்ட்டரின் தலையில் வரும், மறுபடி ஒளிர்வு, சூடு, தொடுதல், விலகல். நல்ல ஸ்டார்ட்டர்கூட இரண்டு மூன்று முறை முயன்று பற்றவைப்பது இதனால்தான். அதைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

எரிந்த பிறகு ஸ்டார்ட்டர் ஏன் சும்மா இருக்கிறது?

டியூப் பற்றியதும் சோக்குக்கு இரண்டாவது வேலை வருகிறது. வாயு வழியே பாயும் மின்சாரத்துக்கு ஒரு வேண்டாத குணம் உண்டு: பாயப் பாயப் பாதை இன்னும் இளகும். அதாவது மின்சாரம் கூடினால், டியூப்புக்குத் தேவையான வோல்டேஜ் குறையும். தடுக்க ஆள் இல்லையென்றால் மின்சாரம் கட்டுமீறி ஏறி ஃபிலமென்ட்டோ ஃபியூஸோ போய்விடும். சோக் அதை 0.43 ஆம்பியரில் பிடித்து நிறுத்துகிறது. இதே வேலையைச் சாதாரண ரெசிஸ்டரும் செய்யும், ஆனால் 50 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகப் போகும். சோக்கில் போவது 10 வாட்டை ஒட்டித்தான். இன்னொரு நன்மையும் இருக்கிறது. சோக்கினால் மின்சாரம் வோல்டேஜுக்குப் பின்தங்கி வருவதால், மின்சாரம் பூஜ்யத்தைத் தொடும் வேளையில் வோல்டேஜ் எதிர்த் திசையில் ஏற்கெனவே உயரத்தில் நிற்கும். டியூப் அணைய நேரமில்லாமல் அடுத்த பாதிச் சுற்றில் உடனே பற்றிக்கொள்ளும்.

இப்போது நம் கதையின் மையத்துக்கு வருவோம். எரிந்துகொண்டிருக்கும் நல்ல டியூப்பின் இரு முனைகளுக்கு இடையே இருப்பது சுமார் 103 வோல்ட்தான். மின்சாரம் ஓடுவதால் இப்போது சோக்கிலும் வோல்டேஜ் விழுகிறது. ஸ்டார்ட்டர் டியூப்புக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதற்கும் கிடைப்பது அந்த 103 வோல்ட்தான். ஆனால் ஸ்டார்ட்டரின் வாயு ஒளிர அது போதாது. 230 வோல்ட் விளக்குக்கான ஸ்டார்ட்டரை, ஏறக்குறைய 140 வோல்ட்டுக்குக் கீழே ஒளிராதபடியும், 180 வோல்ட் வந்தால் ஒளிர்ந்தே ஆகும்படியும் செய்கிறார்கள். ஆகவே டியூப் எரியும் வரை ஸ்டார்ட்டர் தூங்குகிறது. எரியும் விளக்கிலிருந்து அதைக் கழற்றி எடுத்தாலும் விளக்கு அணையாது.

டியூப் எரியும் வோல்டேஜ் கீழே, ஸ்டார்ட்டர் ஒளிரும் வோல்டேஜ் மேலே. இரண்டுக்கும் நடுவே 30, 40 வோல்ட் இடைவெளி. இந்த இடைவெளி இருக்கும் வரை விளக்கு அமைதியாக எரியும். பழைய விளக்கின் சிமிட்டலில் பெரும்பகுதி, இந்த இடைவெளி மூடிக்கொண்டுவருவதன் அடையாளம்.

ஸ்டார்ட்டருக்கு வயதாவது

ஒவ்வொரு முறை தகடு விலகும்போதும் அதன் நுனியில் ஒரு குட்டித் தீப்பொறி. அது உலோகத்தைத் துளித்துளியாகச் சிதறடிக்கிறது. சிதறிய உலோகம் குமிழின் கண்ணாடியில் உள்ளே படிகிறது. பழைய ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தால் குமிழ் கருத்திருப்பது அதனால்தான். படிந்த உலோகம் வாயுவையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். கம்பிகளின் மேற்பரப்பு மாறுகிறது, வாயுவின் அழுத்தம் மாறுகிறது, ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்த தகடு பழைய இடத்துக்கே சரியாகத் திரும்புவதில்லை, இடைவெளியும் மாறுகிறது. இவற்றின் மொத்த விளைவாக ஒளிரும் வோல்டேஜ் நகர்ந்துவிடுகிறது.

அது மேலே நகர்ந்தால் விளக்கு பற்றவே நேரமாகும். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் பற்றாமலே போகலாம். கீழே நகர்ந்தால்தான் நாம் பார்க்கும் சிமிட்டல். விளக்கு முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டிருக்கும்போதே ஸ்டார்ட்டருக்குள் ஒளிர்வு தொடங்குகிறது. சூடேறிய தகடு சில வினாடிகளில் தொட்டுவிடுகிறது. தொட்டால் மின்சாரத்துக்கு டியூப்பை விட எளிய குறுக்குப் பாதை கிடைத்துவிட்டது. டியூப் அணைகிறது, ஓரங்கள் மட்டும் சிவக்கின்றன. தகடு ஆறி விலகுகிறது, சோக் உதைக்கிறது, விளக்கு எரிகிறது. மறுபடி ஒளிர்வு. இப்படி முடிவில்லாமல் சுற்றும். எரிகிற விளக்கை ஸ்டார்ட்டரே அணைத்துவிட்டு, அப்புறம் தானே பற்றவைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. தகடு அரைகுறையாகத் தொடுகிறது, அல்லது தொட்டவுடனே விலகிவிடுகிறது. ஃபிலமென்ட் சரியாகச் சூடாவதற்குள் உதை வந்துவிடும். டியூப் ஒரு கணம் வெளிறி மின்னும், பிடித்துக்கொள்ளாது. முழுதாக ஒரு முறைகூட எரியாமல், பளிச் பளிச் என்று மின்னிக்கொண்டே இருக்கும். முதல் வகையை விட இது டியூப்புக்குக் கெடுதல். சூடாகாத ஃபிலமென்ட்டின் மேல் உதை விழும்போது, பூச்சு எலக்ட்ரானைத் தருவதற்குப் பதிலாகத் தானே பெயர்ந்து போகும். அப்படிப் பெயர்ந்ததுதான் டியூப்பின் ஓரத்தில் கருப்பாகப் படிகிறது.

சிமிட்டும் விளக்கை அப்படியே விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஸ்டார்ட்டர் 6,000 முறை திறந்து மூடத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஐந்து முறை விளக்கைப் போட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு முயற்சியில் எரிந்தால், 600 நாள் வரும். இரண்டு வினாடிக்கு ஒரு முறை சிமிட்டும் விளக்கில் அதே 6,000 முறை மூன்று மணி இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு இரவு அப்படியே விட்டால் ஸ்டார்ட்டரின் கதை முடிந்தது. டியூப்பின் பூச்சிலும் கணிசமான பங்கு போயிருக்கும்.

டியூப்பும் கிழடாகும்

இடைவெளி மேலிருந்து மட்டும் மூடுவதில்லை. பூச்சு தேயத் தேய, ஃபிலமென்ட் எலக்ட்ரான் விடக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். அதனால் டியூப் எரியும் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். 103 இருந்தது 110 ஆகும், 120 ஆகும். ஸ்டார்ட்டர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஒரு நாள் அதன் எல்லையை டியூப் எட்டிப் பிடித்துவிடும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒரே சிமிட்டல்தான். புது ஸ்டார்ட்டர் போட்டால் சரியாவது போலத் தெரியும், ஏனென்றால் புதியதன் எல்லை சற்று மேலே இருக்கிறது. டியூப் அதையும் எட்டியதும் பழைய கதை.

மின்சார வோல்டேஜ் குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். வோல்டேஜ் குறைந்தால் டியூப்பில் ஓடும் மின்சாரம் குறையும். மின்சாரம் குறைந்தால், முன்பே சொன்ன வேண்டாத குணத்தால், டியூப்பின் வோல்டேஜ் சற்று ஏறும். ஊரெல்லாம் விளக்கும் விசிறியும் போடும் நேரத்தில் மட்டும் சிமிட்டி, நள்ளிரவில் அமைதியாக எரியும் விளக்குகளின் ரகசியம் இதுதான்.

சில சமயம் புத்தம் புது ஸ்டார்ட்டரே சிமிட்டும். அது வயதுக் கோளாறு இல்லை, ஆள் மாறாட்டம். இரண்டு அடி டியூப் இரண்டை ஒரே சோக்கில் வரிசையாக மாட்டும் விளக்குகள் உண்டு. அங்கே ஒவ்வொரு ஸ்டார்ட்டருக்கும் பாதி வோல்டேஜ்தான் கிடைக்கும் என்பதால், தாழ்ந்த வோல்டேஜிலேயே ஒளிரும் வகை தேவை. அதன் மேல் 4–22 வாட் என்று அச்சிட்டிருக்கும். தனி டியூப்புக்கான வகையில் 4–65 வாட் என்றிருக்கும். பார்ப்பதற்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். முதல் வகையை நான்கு அடி டியூப்பில் மாட்டினால், டியூப்பின் 103 வோல்ட்டே அதை எழுப்பப் போதும், ஓயாமல் சிமிட்டும். வாங்கும்போது எழுத்தைப் படிப்பது நல்லது.

மாடிப்படி விளக்கும் வாசல் விளக்கும்

எங்கள் வீட்டில் மாடிப்படியில் ஒன்று, வாசலில் ஒன்று என்று ஒரே மாதிரி இரண்டு நான்கு அடி விளக்குகள். மாடிப்படி விளக்கு சாயங்காலத்தில் சிமிட்ட ஆரம்பித்தது. முழுதாக எரியும், நான்கைந்து வினாடியில் அணையும், ஓரங்கள் சிவக்கும், மறுபடி எரியும். அதன் ஸ்டார்ட்டருக்கு அதிர்ஷ்டவசமாகக் கண்ணாடி போன்ற மூடி. போனில் மெதுவோட்ட வீடியோ எடுத்துப் பார்த்தேன். டியூப் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே ஸ்டார்ட்டருக்குள் மங்கிய ஒளி தெரிந்தது. அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. டியூப் எரியும்போது ஸ்டார்ட்டர் இருண்டிருக்க வேண்டும். ஒளிர்கிறது என்றால் இரண்டு வோல்டேஜுகளும் முட்டிக்கொண்டுவிட்டன.

எது நகர்ந்தது என்பதுதான் மீதிக் கேள்வி. விளக்கு எரிந்த ஒரு கணத்தில், உலர்ந்த கையால் ஸ்டார்ட்டரின் பிளாஸ்டிக் மூடியைப் பிடித்து லேசாகத் திருகிக் கழற்றினேன். விளக்கு அசையாமல் எரிந்துகொண்டே இருந்தது. இது பயனுள்ள சோதனை. ஸ்டார்ட்டர் இல்லாமல் டியூப் தானாகவே அணைந்தாலோ நடுங்கினாலோ, டியூப்பின் கதை முடிந்தது என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். நிலையாக எரிந்தால் டியூப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது, ஆனால் அது இளமையாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டு விளக்குகளின் ஸ்டார்ட்டர்களையும் மாற்றிப் போட்டேன். வாசல் ஸ்டார்ட்டரோடு மாடிப்படி விளக்கு ஒழுங்காக எரிந்தது. சரி, பழைய ஸ்டார்ட்டர்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு வாசல் விளக்கைப் போட்டால், அந்தக் ‘குற்றவாளி’யோடு அதுவும் ஒழுங்காக எரிந்தது! சாயங்காலத்திலும்தான்.

முதலில் குழம்பினேன். அப்புறம் இரண்டு டியூப்களையும் இறக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் தெளிந்தது. மாடிப்படி டியூப்பின் இரண்டு ஓரமும் இரண்டு விரற்கடை அளவுக்குச் சாம்பல் பூத்திருந்தது. வாசல் டியூப்பின் ஓரங்கள் ஏறக்குறைய வெள்ளை. அதாவது மாடிப்படி ஸ்டார்ட்டரின் எல்லை கொஞ்சம் இறங்கியிருந்தது, மாடிப்படி டியூப்பின் வோல்டேஜ் கொஞ்சம் ஏறியிருந்தது. தனித்தனியே எதுவும் எல்லை மீறவில்லை. இரண்டும் ஒரே விளக்கில் சேர்ந்தபோதுதான் முட்டிக்கொண்டன. இளைய டியூப்போடு பழைய ஸ்டார்ட்டருக்கும், நல்ல ஸ்டார்ட்டரோடு பழைய டியூப்புக்கும் இடைவெளி இன்னும் மிச்சம் இருந்தது.

இந்தச் சோதனையில் மல்டிமீட்டர் வைத்து ஏன் அளக்கவில்லை என்று கேட்கலாம். ஸ்டார்ட்டர் முயன்றுகொண்டிருக்கும் போது அந்த இரண்டு முனைகளில் ஆயிரம் வோல்ட் உதை வரும். மலிவான மீட்டர் அதில் போய்விடும், பிடித்திருக்கும் ஆளுக்கும் நல்லதல்ல. ஸ்டார்ட்டர் ஹோல்டரின் இரண்டு முனைகளையும் கம்பியால் தொட்டு எடுத்து டியூப்பைப் பற்றவைக்கும் வித்தையும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

கண்ணாலேயே பிரித்தறியக்கூடிய இன்னும் இரண்டு கோளாறுகள் உண்டு. ஓரங்கள் மட்டும் நிரந்தரமாக ஆரஞ்சாகச் சிவந்து, நடுப்பகுதி இருண்டே கிடந்தால், தகடு ஒட்டிக்கொண்டுவிட்டது அல்லது உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகிவிட்டது. வானொலியில் இரைச்சல் வராமல் தடுக்க வைத்த கெப்பாசிட்டர் அது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரை லேசாகத் திருகி எடுத்தால் போதும், விலகல் நம் கையால் நடந்து டியூப் பற்றிக்கொள்ளும். புது ஸ்டார்ட்டர் போட வேண்டும். ஓரமும் சிவக்காமல், எதுவுமே நடக்காமல் இருந்தால் வரிசையில் எங்கோ துண்டிப்பு: ஃபிலமென்ட் அறுந்திருக்கலாம், ஹோல்டரில் ஊசி சரியாக உட்காராமல் இருக்கலாம், சோக் போயிருக்கலாம், ஸ்டார்ட்டரே தொடாமல் இருக்கலாம். ஊசியைத் திருகி உட்காரவைப்பதிலிருந்து ஆரம்பிப்பது என் வழக்கம்.

இவற்றில் சேராத ஒரு நடுக்கமும் இருக்கிறது. விளக்கு அணையவே இல்லை, ஆனால் ஒரு ஓரத்தில் வெளிச்சம் படபடக்கிறது. அங்கே ஒரு முனையின் பூச்சு மட்டும் தீர்ந்துவிட்டது. ஒரு பாதிச் சுற்றில் மின்சாரம் நன்றாகவும் மறு பாதியில் அரைகுறையாகவும் பாய்கிறது. வினாடிக்கு 100 துடிப்பாக இருந்தது 50 ஆகிக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. இதற்கு ஸ்டார்ட்டரை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்த அந்த மின்சாரம் சோக்கையும் சூடாக்கும் என்பதால், அப்படிப்பட்ட டியூப்பைச் சீக்கிரம் இறக்கிவிடுவது நல்லது.

மாடிப்படி விளக்கு வாசல் ஸ்டார்ட்டரோடு சில மாதம் ஓடியது. பிறகு ஒரு சாயங்காலம் மறுபடி சிமிட்டியது. இந்த முறை ஸ்டார்ட்டரைத் தொடவில்லை. டியூப்பை மாற்றினேன், நின்றுவிட்டது. முதலில் குற்றவாளி என்று நான் நினைத்த ஸ்டார்ட்டர் வாசலில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.